இலாபம் நாலு இலட்சம், காசு எங்கே? புதிதாகக் கடை திறந்தவர்களுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

"அண்ணை, நாலு லட்சம் லாபம் எண்டு போட்டிருக்கிறியள். பாங்கில பாத்தா ஒண்டும் இல்லை. அந்தக் காசு எங்க?"

திருகோணமலையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதும் எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது. பெரும்பாலும் கடை திறந்து முதல் மூன்று மாதக் கணக்கைக் கையில் கொடுத்த அன்றே வரும். கேட்பவர் மனதில் இரண்டு சந்தேகம் இருக்கும். ஒன்று, கணக்கு எழுதியவர் பிழைவிட்டிருக்கிறார். மற்றது, கடையில் நிற்கும் பொடியன் லாச்சியில் கை வைத்திருக்கிறான். பொடியனைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன் ஒரு தாள் எழுதிப் பாருங்கள். இலாபத்தில் தொடங்கி, ஒவ்வொரு வரியாகக் கூட்டியும் கழித்தும் கையிலும் வங்கியிலும் இருக்கும் காசில் போய் முடியும் தாள் அது. கணக்காளர்கள் இதைக் காசுப்பாய்ச்சல் கூற்று என்பார்கள். பெரிய கம்பனிகளுக்கு அதற்கென்று LKAS 7 என்ற நியமமே உண்டு. உங்களுக்கு ஒரு கொப்பிப் பக்கம் போதும்.

ஒரு ஹாட்வெயார் கடையை எடுத்துக்கொள்வோம். எண்களை விளங்குவதற்காக உருட்டி எழுதுகிறேன். நடப்பு என்னவோ இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நடப்புத்தான்.

கடையின் கதை

பெப்ரவரி முதலாம் திகதி கடை திறக்கிறது. பெயின்ட், பிவிசி பைப், வயர், ஆணி, பூட்டு, கொஞ்சம் சீமெந்து. சொந்தக் காசு 20 இலட்சம், வங்கிக் கடன் 8 இலட்சம். திறந்த நேரம் நல்ல நேரம். மே மாதத்தில் கடல் அடங்கி வெள்ளைக்காரர் வரத் தொடங்குவதற்கு முன், மார்ச்சிலும் ஏப்ரலிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸ்கள் எல்லாம் பெயின்ட் அடிக்கும், குளியலறை திருத்தும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வீடுகளிலும் பெயின்ட் வேலை நடக்கும். ஆகவே வியாபாரம் ஓடியது.

ஏப்ரல் 30 வரை மொத்த விற்பனை 45 இலட்சம். விற்ற சாமான்களின் கொள்விலை 36 இலட்சம். மிச்சம் 9 இலட்சம் மொத்த இலாபம். அதிலிருந்து மூன்று மாதச் செலவு 5 இலட்சம்: கடை வாடகை 1 இலட்சத்து 20 ஆயிரம், சம்பளம் 2 இலட்சத்து 40 ஆயிரம், மின்சாரம், தொலைபேசி, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 90 ஆயிரம், கடனுக்கு வட்டி 30 ஆயிரம், தளபாடத் தேய்வு 20 ஆயிரம். கடைசியில் தேறிய இலாபம் 4 இலட்சம்.

கையிலும் வங்கியிலும் சேர்த்து இருப்பதோ 1 இலட்சத்து 20 ஆயிரம். இலாபம் மட்டுமல்ல, போட்ட 28 இலட்சமும் எங்கோ போய்விட்டது போலத் தோன்றும்.

தாள் எழுத முன் எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று மாதத்து இலாப நட்டக் கணக்கு. கடைசி நாள் மாலை எண்ணிய இருப்புப் பட்டியல், அதாவது எந்தச் சாமான் எத்தனை, என்ன கொள்விலை. கடன் கொப்பி: உங்களுக்கு வர வேண்டியது ஒரு பக்கம், நீங்கள் கொடுக்க வேண்டியது மறுபக்கம். செக் புத்தகத்தின் அடிக்கட்டைகள். வங்கிக் கூற்று. கடைசி நாள் லாச்சியை எண்ணிய தொகை.

இதில் இருப்புப் பட்டியலைத்தான் பலர் தட்டிக் கழிப்பார்கள். "கண்ணால பாத்தாலே தெரியும், ஒரு இருபது வரும்" என்பார்கள். கண்ணால் பார்த்துப் போட்ட எண்ணை வைத்துக்கொண்டு கீழே உள்ள எதையும் செய்ய முடியாது. ஒரு மாலை கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு எண்ணத்தான் வேண்டும்.

முதற்படி: காசு போகாத செலவைத் திருப்பிக் கூட்டுங்கள்

4 இலட்சம் என்று தாளின் மேலே எழுதுங்கள். செலவுப் பட்டியலில் தளபாடத் தேய்வு 20 ஆயிரம் இருக்கிறது. ராக்கைகள், கவுண்டர், பெயர்ப் பலகை எல்லாம் சேர்த்து 4 இலட்சத்துக்குச் செய்தது, ஐந்து வருடம் பாவிக்கும் என்று வைத்து, மூன்று மாதத்துக்கு உரிய பங்காகப் போட்ட தொகை அது. இந்த மூன்று மாதத்தில் தேய்வு என்று சொல்லி யாருக்கும் 20 ஆயிரம் எண்ணிக் கொடுக்கவில்லை. ஆகவே திருப்பிக் கூட்ட வேண்டும். 4 இலட்சத்து 20 ஆயிரம். ராக்கைக்குக் கொடுத்த 4 இலட்சம் எங்கே என்று கேட்பீர்கள். அது பின்னால் முழுதாக வருகிறது.

இரண்டாம் படி: ராக்கையில் நிற்கும் காசு

இலாபக் கணக்கில் விற்ற சாமானின் விலை மட்டும்தான் செலவாகப் போகும். வாங்கி இன்னும் விற்காமல் இருப்பது செலவல்ல, அது இருப்பு. ஆனால் லொறி வந்து இறக்கிய சாமான் எல்லாவற்றுக்கும் காசு கேட்பார்கள், விற்றதற்கு மட்டும் அல்ல. இங்கேதான் இலாபமும் காசும் முதலாவதாகவும் பெரிதாகவும் பிரிகின்றன.

நம் கடையில் ஏப்ரல் 30 மாலை எண்ணிய இருப்பு, கொள்விலையில் 19 இலட்சம். கடை திறக்கும்போது இருப்பு எதுவும் இல்லை. ஆகவே 19 இலட்சத்தை முழுதாகக் கழிக்க வேண்டும். அடுத்த முறை தாள் எழுதும்போது கூடிய தொகையை மட்டும்தான் கழிப்பீர்கள். இருப்பு குறைந்திருந்தால் அந்தக் குறைவைக் கூட்டுவீர்கள்.

19 இலட்சம் அதிகமா? இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்று மாதத்தில் விற்ற சாமானின் கொள்விலை 36 இலட்சம், மாதத்துக்கு 12 இலட்சம். அப்படியானால் ராக்கையில் கிட்டத்தட்ட ஒன்றரை மாதத்துச் சாமான் நிற்கிறது. ஒரு ஹாட்வெயார் கடைக்கு அது மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் சராசரி ஏமாற்றும். பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். சீமெந்து வந்த வாரத்திலேயே போய்விடும். வெள்ளைப் பெயின்ட் ஓடும். "இருபது வாளி எடுத்தா ரெண்டு ஃப்ரீ" என்று ரெப் சொல்லித் தலையில் கட்டிய கடும் நிறப் பெயின்ட்தான் அப்படியே நிற்கும். இலவசமாக வந்த இரண்டு வாளியும் விற்றால்தான் இலாபத்தைக் கூட்டும். விற்கும்வரை மற்ற இருபது வாளியின் காசு உங்களிடம் இல்லை. என் அபிப்பிராயத்தில், முதல் வருடத்தில் எந்த இலவசத் திட்டத்துக்கும் "பிறகு பாப்பம்" என்று சொல்வதே நல்லது.

இப்போது தாளில் மைனஸ் 14 இலட்சத்து 80 ஆயிரம். பயப்பட வேண்டாம், போட்ட முதல் இன்னும் சேரவில்லை.

மூன்றாம் படி: கடன் கொப்பியில் இருக்கும் காசு

சாமானைக் கொடுத்துப் பில் எழுதிய அன்றே அது விற்பனை. காசு எப்போது வரும் என்பது இலாபக் கணக்குக்குக் கவலையில்லை. 45 இலட்ச விற்பனையில் 33 இலட்சம் கைக்காசு, 12 இலட்சம் கடனுக்கு. அந்தக் கடனில் 3 இலட்சம் வந்துவிட்டது, 9 இலட்சம் வரவில்லை. 9 இலட்சத்தைக் கழியுங்கள். மைனஸ் 23 இலட்சத்து 80 ஆயிரம்.

இந்த 9 இலட்சத்துக்குள் இலாபமும் இருக்கிறது, உங்கள் சொந்த முதலும் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு விற்றால் எண்பது ரூபாய் கொள்விலை என்ற வீதத்தில், 9 இலட்சக் கடனில் 7 இலட்சத்து 20 ஆயிரம் நீங்கள் வாங்கிக் கொடுத்த சாமானின் விலை. மிச்சம் 1 இலட்சத்து 80 ஆயிரம்தான் இலாபம். கடன் கொடுக்கும்போது இலாபத்தை மட்டும் பின்போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரெப்புக்குக் கொடுக்க வேண்டிய காசையும் சேர்த்துத்தான் வெளியே விடுகிறீர்கள்.

கொப்பியைத் திகதிப்படி பிரித்துப் பார்ப்பதும் முக்கியம். நம் கடையில் 6 இலட்சத்து 50 ஆயிரம் மூன்று கெஸ்ட் ஹவுஸ்களுடையது. அவர்கள் நாணயமானவர்கள்தான். ஆனால் சுற்றுலாக் காசு கைக்கு வந்த பிறகே தருவார்கள். அது ஜூலை, ஓகஸ்ட். மிச்சம் 2 இலட்சத்து 50 ஆயிரம் மேசன்மாரும் அயல் வீடுகளும். இவர்களில் சிலர் அடுத்த கிழமை தருவார்கள், சிலர் வேறு கடைக்குப் போகத் தொடங்கியிருப்பார்கள். ஒருவர் உங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, உங்கள் வாசலைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகிறார் என்றால் அந்தக் கடனைத் தேடிப் போக வேண்டிய நாள் அதுதான்.

நான்காம் படி: நீங்கள் இன்னும் கொடுக்காத காசு

இது எதிர்ப்பக்கம். கொழும்பிலிருந்து வந்த சாமானில் ஒரு பகுதிக்கு நீங்கள் இன்னும் காசு கொடுக்கவில்லை. ஏப்ரல் 30 அன்று விநியோகத்தர்களுக்குக் கொடுக்க இருந்தது 7 இலட்சம். சாமான் கணக்கில் ஏறிவிட்டது, காசு இறங்கவில்லை. ஆகவே 7 இலட்சத்தைக் கூட்டுங்கள். மைனஸ் 16 இலட்சத்து 80 ஆயிரம்.

இந்த ஊர் வியாபாரத்தில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த 7 இலட்சத்துக்கும் ஏற்கெனவே செக் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், பிந்திய திகதி போட்டு. மே 12-க்கு ஒன்று மூன்றரை இலட்சம், மே 26-க்கு இன்னொன்று மூன்றரை இலட்சம். செக்கைக் கிழித்துக் கொடுத்ததும் "கடன் தீர்ந்தது" என்று கொப்பியில் கோடு இழுத்துவிடுகிறார்கள். தீரவில்லை. திகதி வரும்வரை அது கடன்தான். கோடு இழுத்துவிட்டால் தாளில் 7 இலட்சம் பிசகும். அதைவிட, பன்னிரண்டாம் திகதி காலையில் வங்கியிலிருந்து தொலைபேசி வரும்போதுதான் நினைவு வரும்.

சம்பளத்திலும் இதே மாதிரி ஒரு சின்ன விடயம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலையாளிடம் கழிக்கும் 8 வீதமும் நீங்கள் போடும் 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் இந்த மாதச் செலவு, காசு போவது அடுத்த மாதம். மாத முடிவில் அந்தத் தொகை கொடுக்காமல் நின்றால் அதையும் இந்தப் படியில்தான் கூட்ட வேண்டும். கணக்கு நீளக் கூடாது என்பதால் நம் கடையில் அதை மாதத்துக்குள்ளேயே கட்டியதாக வைத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் படி: முன்கூட்டிக் கொடுத்தது

கடைச் சொந்தக்காரர் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்டார். மாதம் 40 ஆயிரம் வீதம் 4 இலட்சத்து 80 ஆயிரத்தைப் பெப்ரவரியிலேயே எண்ணிக் கொடுத்தாயிற்று. இலாபக் கணக்கில் மூன்று மாதத்து 1 இலட்சத்து 20 ஆயிரம் மட்டும்தான் செலவு. மிச்சம் 3 இலட்சத்து 60 ஆயிரம் வரப்போகும் ஒன்பது மாதத்துக்கானது, இன்னும் செலவல்ல. ஆனால் காசு போய்விட்டது. கழியுங்கள். மைனஸ் 20 இலட்சத்து 40 ஆயிரம்.

ஆறாம் படி: இலாபக் கணக்கில் வரவே வராத காசு

சில கொடுக்கல் வாங்கல் எந்த மாதத்திலும் இலாபக் கணக்கை நேரடியாகத் தொடாது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது.

ராக்கைக்கும் கவுண்டருக்கும் கொடுத்த 4 இலட்சம். இதைக் கழியுங்கள். முதற்படியில் திருப்பிக் கூட்டிய தேய்வு இதன் சின்னத் துண்டுதான்.

நீங்கள் போட்ட 20 இலட்சமும் வங்கி தந்த 8 இலட்சமும். கூட்டுங்கள். இவை வருமானம் அல்ல, அதனால் இலாபத்தில் இல்லை. கடன் வந்த மாதம் வங்கி மீதி கொழுத்திருக்கும், அதைப் பார்த்து வியாபாரம் நன்றாகப் போகிறது என்று எண்ணக் கூடாது.

கடன் தவணை. மாதம் 30 ஆயிரம், மூன்று மாதத்துக்கு 90 ஆயிரம் கட்டினீர்கள். அதில் வட்டி 30 ஆயிரம் மட்டும்தான் செலவாகப் போயிற்று. 60 ஆயிரம் முதலைத் திருப்பிக் கொடுத்தது. அது செலவல்ல, ஆனால் காசு. கழியுங்கள். எத்தனை வட்டி, எத்தனை முதல் என்பது வங்கி தரும் தவணை அட்டவணையில் பிரித்து எழுதியிருக்கும், கேட்டு வாங்கி வையுங்கள்.

கடைசியாக வீட்டுக்கு எடுத்தது. மாதம் 60 ஆயிரம், மொத்தம் 1 இலட்சத்து 80 ஆயிரம். தனி ஆள் நடத்தும் கடையில் முதலாளி எடுக்கும் காசு சம்பளம் அல்ல, எடுப்பனவு. அது இலாபத்தைக் குறைக்காது, காசைக் குறைக்கும். "நான் மாதம் அறுபதுதானே எடுக்கிறன், லாபம் அதைவிடக் கூடத்தானே" என்பது சரிதான். ஆனால் இலாபம் ராக்கையிலும் கடன் கொப்பியிலும் இருக்கும்போது, வீட்டுச் செலவு லாச்சியிலிருந்து போகிறது.

இப்போது தாள் முழுதாக இப்படி இருக்கும்:

| | ரூபா |
|---|---|
| தேறிய இலாபம் | 400,000 |
| தேய்வு (+) | 20,000 |
| இருப்புக் கூடியது (−) | 1,900,000 |
| வர வேண்டிய கடன் கூடியது (−) | 900,000 |
| கொடுக்க வேண்டியது கூடியது (+) | 700,000 |
| முற்கூட்டிய வாடகை (−) | 360,000 |
| ராக்கை, கவுண்டர் (−) | 400,000 |
| சொந்த முதல் (+) | 2,000,000 |
| வங்கிக் கடன் (+) | 800,000 |
| கடன் முதல் திருப்பியது (−) | 60,000 |
| எடுப்பனவு (−) | 180,000 |
| கையிலும் வங்கியிலும் இருக்க வேண்டியது | 120,000 |

பொடியன் கை வைக்கவில்லை.

ஏழாம் படி: தொலைபேசியில் தெரியும் மீதியோடு ஒப்பிடுவது

இன்னும் ஒரு இடைவெளி பாக்கி. லாச்சியை எண்ணினால் 45 ஆயிரம். ஆகவே வங்கியில் 75 ஆயிரம் இருக்க வேண்டும். தொலைபேசியைத் திறந்தால் 2 இலட்சத்து 35 ஆயிரம் காட்டுகிறது. சந்தோஷப்படுவதற்கு முன் இரண்டு விடயம் பாருங்கள்.

ஏப்ரல் 28 திகதியிட்டு ஒரு விநியோகத்தருக்குக் கொடுத்த 1 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய்ச் செக்கை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. உங்கள் கணக்கில் அது போய்விட்டது, வங்கிக்கு இன்னும் தெரியாது. மறுபக்கம், ஏப்ரல் 30 பின்னேரம் நீங்கள் வைப்பிட்ட வாடிக்கையாளரின் 30 ஆயிரம் ரூபாய்ச் செக் இன்னும் மாறவில்லை. செக் மாற அடுத்த வேலை நாளாவது ஆகும், மே முதலாம் திகதி தொழிலாளர் தினம், வங்கி பூட்டு. 2 இலட்சத்து 35 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 90 ஆயிரத்தைக் கழித்து 30 ஆயிரத்தைக் கூட்டினால் 75 ஆயிரம். சரியாக வந்துவிட்டது.

தொலைபேசி மீதியைப் பார்த்துக் கொள்வனவு செய்யும் பழக்கம் கடைக்காரரைக் கவிழ்ப்பது இப்படித்தான். அந்த 2 இலட்சத்து 35 ஆயிரத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே இன்னொருவருடையது.

தாள் ஒத்து வராவிட்டால்

சில ஆயிரம் குறைந்தால் முதலில் பாருங்கள்: லாச்சியிலிருந்து கொடுத்து எழுதாமல் விட்ட ஏற்றுக்கூலி, தேநீர், பெட்ரோல். வீட்டுக்கு எடுத்த காசில் எழுதாமல் விட்டது. வங்கி அறவிட்ட கட்டணம். வித்தியாசம் ஒன்பதால் சரியாக வகுபட்டால், ஒரு எண்ணின் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400-ஐ 4,500 என்று எழுதியது போல. ஒரு கடன்காரரின் முழுத்தொகையும் வித்தியாசமாக நின்றால், அவர் காசு தந்ததைக் கொப்பியில் பதியாமல் விட்டிருப்பீர்கள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: தாள் ஒத்து வந்தும் இலாபம் பொய்யாக இருப்பது. இருப்பை எண்ணும்போது கொள்விலைக்குப் பதிலாக, டப்பாவில் ஒட்டியிருக்கும் விற்பனை விலையைப் போட்டு விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 19 இலட்சம் 23 இலட்சத்து 75 ஆயிரமாகிவிடும். விற்ற சாமானின் கிரயம் அந்த அளவுக்குக் குறைந்து, இலாபம் 8 இலட்சத்து 75 ஆயிரமாக ஏறிவிடும். இரண்டாம் படியில் கழிப்பதும் அதே 4 இலட்சத்து 75 ஆயிரம் கூடுவதால் தாளின் அடியில் மறுபடியும் 1 இலட்சத்து 20 ஆயிரமே வரும். ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆகவே தாள் ஒத்து வந்தது என்பதற்காக இலாபம் சரி என்று எண்ண வேண்டாம். காசை மட்டும்தான் அது சோதிக்கிறது. இலாபம் உண்மையா என்று அறிய இருப்புப் பட்டியலில் பத்துச் சாமானை எடுத்து, வாங்கிய பில்லோடு விலையைச் சரிபார்த்தால் போதும்.

வராத கடனும் இப்படித்தான். மேசன்மாரின் கடனில் 2 இலட்சம் இனி வராது என்று நீங்கள் மனதில் அறிந்திருந்தால், அதை அறவிட முடியாக் கடனாக எழுதிவிட வேண்டும். இலாபம் 2 இலட்சமாகக் குறையும், காசு மாறாது. எழுதாமல் விட்டாலும் காசு மாறாது. வித்தியாசம் நீங்கள் எந்த எண்ணை நம்பி அடுத்த முடிவை எடுக்கிறீர்கள் என்பதில்தான்.

எதிர்மாறாகவும் நடக்கும்

ஓகஸ்ட் முடிவில் இதே கடையைப் பாருங்கள். கெஸ்ட் ஹவுஸ்கள் கடனைத் தீர்த்துவிட்டன. பெயின்ட் விற்பனை படுத்துவிட்டது, மாரி நெருங்குகிறது என்று நீங்கள் புதிதாகச் சாமான் இறக்கவில்லை. அதனால் இருப்புக் குறைந்திருக்கிறது. ஒருவர் தண்ணீர்த் தாங்கிக்கு முற்பணம் தந்திருக்கிறார், தாங்கி இன்னும் வரவில்லை. வங்கியில் 8 இலட்சம் நிற்கும், அந்த மாத இலாபம் 30 ஆயிரமோ நட்டமோகூட இருக்கலாம். இந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் மாற்றுவார்கள், மகளின் பூப்புனித நீராட்டு விழாவைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். அந்த 8 இலட்சம் புதிதாக உழைத்த காசு அல்ல. ஏப்ரலில் உழைத்த இலாபமும், உங்கள் பழைய முதலும், தாங்கிக்காரரின் காசும் அதில் கலந்திருக்கின்றன. நவம்பர், டிசம்பர் மழையில் வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும். பெப்ரவரியில் மறுபடி ஒரு வருட வாடகையைக் கேட்பார்கள், அதற்கும்.

தாளை முன்னுக்குத் திருப்புவது

கடந்ததை எழுதி முடித்ததும் அதே கொப்பியில் அடுத்த பக்கத்தில் வரப்போகும் நான்கு கிழமையை எழுதுங்கள். இதில் இலாபம் என்ற சொல்லே வரக் கூடாது. காசு எந்தத் திகதியில் வரும், எந்தத் திகதியில் போகும் என்பது மட்டும்.

மே முதலாம் திகதி கையில் 1 இலட்சத்து 20 ஆயிரம். கைக்காசு விற்பனையை நாளொன்றுக்கு 36 ஆயிரம் என்று வைப்போம். பன்னிரண்டாம் திகதிக்கு முன் பத்து வியாபார நாள் என்றால் 3 இலட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 4 இலட்சத்து 80 ஆயிரம். விற்ற சாமானை எல்லாம் வழக்கம்போல நிரப்பினால், நூற்றுக்கு எண்பது வீதத்தில் 2 இலட்சத்து 88 ஆயிரம் போய், 1 இலட்சத்து 92 ஆயிரம்தான் மிஞ்சும். பன்னிரண்டாம் திகதி மூன்றரை இலட்சச் செக் திரும்பும்.

பத்து நாளைக்கு ஓடும் சாமான் மட்டும், சீமெந்தும் வெள்ளைப் பெயின்டும் என்று வைத்து 1 இலட்சத்துக்குள் கொள்வனவை நிறுத்தினால், 3 இலட்சத்து 80 ஆயிரம் இருக்கும். செக் மாறும். கையில் 30 ஆயிரம் மிஞ்சும். ராக்கையில் 19 இலட்சத்துச் சாமான் இருக்கும்போது பத்து நாள் குறைத்து வாங்குவதால் கடை வெறுமையாகாது, கடும் நிறப் பெயின்ட் வாளிகளுக்கு முன்னால் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இருபத்தாறாம் திகதிச் செக்கை இப்படி மட்டும் சமாளிக்க முடியாது. நடுவில் கடன் தவணை 30 ஆயிரமும் வீட்டுச் செலவும் இருக்கின்றன, மாத முடிவில் சம்பளமும் வரும். ஆகவே மே முதல் கிழமையிலேயே இரண்டு வேலை. மேசன்மாரிடம் போய் 2 இலட்சத்து 50 ஆயிரத்தில் கிடைப்பதை எடுப்பது ஒன்று. ரெப்பைக் கூப்பிட்டு அந்த மூன்றரை இலட்சத்தை இரண்டு செக்காகப் பிரித்து, ஒன்றை ஜூன் நடுவுக்குத் தள்ளித் தரும்படி கேட்பது மற்றது. மூன்று கிழமைக்கு முன் கேட்டால் ரெப் முகம் சுளித்தாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கும் செக் திரும்பினால் தன் கம்பனியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செக்கை வங்கியில் போட்ட பிறகு கேட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை. ஒருமுறை திரும்பினால் வங்கிக் கட்டணம் ஒரு பக்கம் இருக்க, அடுத்த லொறியிலிருந்து "கைக்காசு தந்தால் இறக்குறம்" என்பார்கள். அப்போது நான்காம் படியில் கூட்டிய 7 இலட்சம் தாளிலிருந்து மெல்ல மெல்ல இல்லாமல் போகும். அதே சாமானை ராக்கையில் வைக்க, அந்த 7 இலட்சத்தையும் நீங்களே தேட வேண்டும்.

கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் வரும் வருடம் என்ன சொல்வது என்பதையும் இப்போதே யோசிக்கலாம். மார்ச்சில் பெயின்ட் எடுக்க வரும்போது பாதியைக் கைக்காசாகவும் மீதியை ஜூலைத் திகதிச் செக்காகவும் கேளுங்கள். சிலர் மறுப்பார்கள். அவர்களுக்குக் கொடுப்பதா இல்லையா என்பதை, உங்கள் விநியோகத்தர் உங்களுக்கு எத்தனை நாள் தவணை தருகிறார் என்று பார்த்து முடிவெடுங்கள். உங்களுக்கு அறுபது நாள் தருகிறார், நீங்கள் நூற்றிருபது நாள் கொடுக்கிறீர்கள் என்றால், இடையில் உள்ள அறுபது நாளுக்கு அந்தக் காசு உங்கள் சொந்தப் பையிலிருந்து போகிறது. அந்தப் பையில் எவ்வளவு இருக்கிறது என்பது தாளின் கடைசி வரியில் எழுதியிருக்கும்.